முப்பது வருஷமாகச் சொல்லி வந்தவர்

புதிய நர்சிங் பாடத்திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பன்னிரண்டு நிபுணர்களிடம் கேட்டுச் சொல்வது என் வேலையாக இருந்தது. டெல்ஃபி முறை; கேள்வித்தாளைச் சுற்றுச் சுற்றாக அனுப்பி ஒருமித்த கருத்துக்கு வருவது. நாகமலை புதுக்கோட்டையில் என் அறையில் உட்கார்ந்தபடியே நடத்தினேன். நிபுணர்கள் கூடிப் பேசக் கூடாது. யார் என்ன எழுதினார் என்பது எனக்கு மட்டுமே தெரியும். நம் ஊரில் பெரியவர் ஒருவர் வாய் திறந்தால் மற்ற தலைகள் தானாக ஆடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று முழுசாக நம்பினேன்.

பதினோரு பேர் நர்சிங் கல்லூரி முதல்வர்கள், பேராசிரியர்கள். பன்னிரண்டாவது, பேரையூர்ப் பக்கம் சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா. நான்தான் சண்டை போட்டுச் சேர்த்தேன்.

முதல் சுற்றில் மனதில் பட்டதை எழுதச் சொல்லி, வந்ததையெல்லாம் தலைப்புகளாகத் தொகுத்தேன். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். ஒன்பது பேராவது நான்கோ ஐந்தோ போட்டால்தான் ஒருமித்த கருத்து. தொடங்குமுன்பே வைத்த விதி அது. அக்கா தந்த தலைப்பு, நோயாளியை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும்போது குடும்பத்தாரிடம் பேசுவது. நான்கு பேர்தான் அதற்கு அப்படிப் போட்டார்கள். ஓய்வுபெற்ற முதல்வர் ஒருவர் இரண்டு போட்டிருந்தார். அந்தப் பாடம் எப்படியாவது உள்ளே வர வேண்டுமென்று தவித்தேன். ஆனால் நடத்துகிறவள் வாய் திறக்கக் கூடாதே!

மூன்றாம் சுற்றுக்கு, குழுவின் இடைநிலை மதிப்பெண், அவரவர் முன்பு போட்டது, பெயரில்லாத கருத்துகள் எல்லாம் அனுப்பி, விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அக்கா எழுதியிருந்தது இது: “ஆம்புலன்ஸ் போன பிறகு வாசலில் அழுகிறவர்களிடம் என்ன பேசுவதென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன்.”

கடைசி வரியை வெட்டியிருக்க வேண்டும். ஓய்வுபெற்ற முதல்வர் மேடைக்கு மேடை சொல்வதும் அதே வரிதான். நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன், மடச்சி.

மறுநாளே ஒரு பேராசிரியர் போன் செய்தார். “ஐயாவே முப்பது வருஷம்னு எழுதிட்டாங்க. நாம எம்புட்டுப் படிச்சு என்னத்தச் சொல்லப் போறோம்? அஞ்சு போட்டுட்டேன்.”

“யாரு எழுதுனதுன்னு நான் சொல்லக் கூடாது சார்.”

“நீங்க சொல்லவே வேணாம்மா.”

சுற்று முடிந்தபோது பன்னிரண்டில் பதினோரு பேர் நான்கும் ஐந்துமாகப் போட்டிருந்தார்கள். முதல்வரும் ஐந்து. தன் வரியைக் கண்டதும் தானே எழுதியதாக நினைத்துவிட்டாரோ என்னவோ.

எல்லாம் முடிந்து பாடத்திட்டத்தை வெளியிட்ட கூட்டத்தில், அந்தப் பாடத்துக்காக முதல்வருக்குச் சால்வை போர்த்தினார்கள். “எல்லாம் அனுபவந்தாம்மா” என்று சிரித்தார். அவர் முதலில் இரண்டு போட்ட தாள் என் பைக்குள் இருந்தது. பின்வரிசையில் அக்கா கைதட்டியபடி என்னையே பார்த்தார். யார் எழுதியதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று பன்னிரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

நானும் கைதட்டினேன்.