பதில் வந்த நேரம்

காதரும் மகள் ஜுவேரியாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நிறுத்திவைத்த புகார்களைச் சரிபார்த்தது. திங்கட்கிழமை மாலை, அசோக் நகர் வீட்டின் சாப்பாட்டு மேசையில். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார்களைக் கவனிப்பவர் காதர். அவள் மென்பொருள் சோதிப்பவள்.

புகார் வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரையான வேலை நேரத்தில் எட்டு மணி நேரம் கெடு. வாடிக்கையாளர் ஏதாவது சொன்னால்தான் மேலே நகர முடியும் என்றால், அவரிடம் கேட்டுவிட்டுக் கடிகாரத்தை நிறுத்தலாம். பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

"இதுக்குக் காலைல பத்தே காலுக்கே பதில் வந்திருக்கு, அத்தா. நீங்க ரெண்டு மணிக்குத்தான் பாத்திருக்கீங்க."

"பத்தே கால்னு போடு."

"ரெண்டுன்னு போட்டா கொஞ்சம் மூச்சு விடலாம்."

"நான் பாக்காம உக்காந்துக்கினு இருந்தா அதுக்கு அவங்களா பொறுப்பு? பத்தே கால். ஜைதை நான் விரட்டிக்கிறேன்."

ஜைத் மெக்கானிக். விரட்டினால் ஓடுவான்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. மயிலாப்பூர், மூன்றாவது மாடி, விசாலாக்ஷி. லிஃப்ட் நின்றதிலிருந்து அவர் கணவர் ராஜகோபாலன் கீழே இறங்கவில்லை. கதவின் சென்சாரை மாற்ற இரண்டு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். எப்போது நிறுத்தலாம் என்று மற்ற வீடுகளைக் கேட்டு அந்த அம்மாள்தான் சொல்ல வேண்டும். ஐந்து மணி நேரம் ஓடிக் கடிகாரம் நின்றிருந்தது.

"போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. புதன் காலைல நேர்ல போய்க் கேட்டுர்றேன்."

செவ்வாய் பிற்பகல் மூன்றரைக்கு அலுவலக நாற்காலியிலேயே காதருக்கு நெஞ்சு வலித்தது. வீடு திரும்பவில்லை.

அடுத்த திங்கள், அவருடைய போனுக்குச் சார்ஜ் ஏற்றித் திறந்தாள் ஜுவேரியா. விசாலாக்ஷியின் செய்தி இருந்தது. செவ்வாய், மாலை நாலு பத்து. 'எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. எப்ப வேணா வாங்கோ.' அந்த நேரத்தில் மருத்துவமனையில் காதரின் சட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே இன்னும் மூன்று செய்திகள். கடைசியில்: 'காதர் சார், எங்களை மறந்துட்டேளா? இவர் டாக்டர்ட்ட போயாகணும்.'

மேலாளர் புகழேந்தியை அழைத்தாள்.

"ஐயோ. இன்னிக்கே ஆள் அனுப்புறேம்மா. பதிலும் இன்னிக்குத்தான் வந்துச்சுன்னு போட்டுக்கலாம். பதினோரு மாசமா அவர் பேர்ல ஒரு கெடுகூடத் தப்பல. அது அப்படியே இருக்கட்டுமே."

அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அங்கே அவர் பேரில் இனி வேறு எதுவும் சேரப்போவதில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தாள். புதன் காலை பத்து பத்துக்கே கெடு முடிந்திருந்தது.

"செவ்வாய், நாலு பத்துன்னு போடுங்க அங்கிள்."

"கெடு தப்புச்சுன்னு செவப்பா காட்டும்மா."

"காட்டட்டும்."

அரை மணியில் ஜைத் அழைத்தான். "அக்கா, ஸ்டோர்ல சென்சார் இல்ல. பதில் வந்தா ஒடனே மாட்டணும்னு நம்ம காதர் நைனாவே கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சிருக்காரு. அவரு வண்டில இருக்குதான்னு பாருங்க."

அலுவலகத்திலிருந்து ஜைத் கொண்டுவந்து நிறுத்திய காதரின் ஸ்கூட்டர் செவ்வாயிலிருந்து வாசலிலேயே நின்றது. இருக்கையைத் தூக்கினாள். மழைக் கோட்டுக்கு அடியில் ஒரு காகித உறை. மேலே அவர் கையெழுத்து:

'மயிலாப்பூர். புதன் காலை.'