பருத்தி இலையின் அடிப்பக்கம்

பரளச்சியில் எங்கள் பருத்தி இலைகள் சுருண்டபோது, உறவினர் கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரரைக் கெஞ்சி, என் வீட்டுக்காரர் ஒரு செடியைப் படம் பிடிக்க வைத்தார். விவசாய ஆபீசருக்கு அதோடு கடிதமும் எழுத நான் உட்கார்ந்தேன்.

“படம் இருக்கையில எழுத்து எதுக்கு?”

“கறுப்பு வெள்ளப் படத்துல நெறம் தெரியாதுல்ல. இலையத் திருப்பிப் பாத்துச் சொல்லுங்க” என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இலையில் ஓட்டை இல்லை. ஓரம் மஞ்சளாகி, பிறகு சிவந்து, கீழ்நோக்கிச் சுருள்கிறது. அடியில் அரிசியைவிடச் சிறிய பச்சைப் பூச்சிகள். தொட்டால் நண்டு போலப் பக்கவாட்டில் ஓடுகின்றன.

படத்தையும் கடிதத்தையும் ஒரே உறையில் அனுப்பினோம். படம் எங்கே தவறியதோ, உறைக்குள் அது இல்லை என்று பதில் வந்தது. ஆனாலும் அது தத்துப்பூச்சிதான், புகையிலைக் கஷாயத்தில் சோப்பைக் கரைத்து இலையடியில் தெளியுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். தெளித்தோம், புதுத் தளிர்கள் சுருளாமல் விரிந்தன.

“பருத்தியக் காப்பாத்துன கடுதாசிய எழுதுனது எங்க வீட்டுக்காரி” என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.