ஆள் தெரியாத மூன்று வரி

அலுவலகத்தில் எல்லாரும் அவரைச் சல்லடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாவு சலிக்கிற அதே சல்லடைதான். உறைய வைத்த மீனும் காய்கறியும் விற்கிற அந்தக் கம்பெனிக்கு நாலு ஆலை. அங்கிருந்து ரகசியமாக வருகிற புகார்களைப் படித்து, புகார் கொடுத்தவரை மேலேயே நிறுத்திவிட்டு, விஷயத்தை மட்டும் கீழே விடுவது அக்காவின் வேலை. ஒரு புகாருக்கு மூன்று வரி. என்ன வகை, உண்மையாக இருந்தால் எவ்வளவு கெடுதல், எவ்வளவு சீக்கிரம் பார்க்கணும், அவ்வளவுதான். அதை வைத்துத்தான் எதை முதலில் எடுப்பது என்று பெரிய அதிகாரிகள் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள்.

மூன்று வரிதானே, யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்று நினைப்பவர்கள் வந்து எழுதிப் பார்க்கட்டும்! பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா? "இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் பெண்" என்று எழுதினால், அந்த ஷிப்டில் ஒரே ஒரு பெண் இருந்தால் போயிற்று. புகார் வந்த தேதி காட்டிக்கொடுக்கும். அவர் எழுதிய வார்த்தையே காட்டிக்கொடுக்கும். அதனால் யாருடைய சொல்லையும் அக்கா அப்படியே தூக்கி வைக்க மாட்டார். முழுப் படிவம் பூட்டிய கோப்பில் இருக்கும். விசாரிப்பவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்க முடியாது.

வீட்டிலும் அதே மூன்று வரிதான். நாத்தனார் வரும்போதெல்லாம், "அண்ணி, இந்த வாரம் யாரு மாட்டினாங்க?" என்று நோண்டுவார். "உங்க அண்ணன்தான். காபி டம்ளரைக் கழுவாம வெச்ச குத்தம். கெடுதல் நடுத்தரம், அவசரம் உடனே" என்பார் அக்கா. வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

இப்படிப்பட்ட கெட்டிக்காரிக்கும் ஒரு நாள் சறுக்கியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று வந்த புகார் ஒரு குளிர்கிடங்கைப் பற்றியது. குளிரூட்ட அமோனியா வாயு ஓடுகிறது. அது கசிந்தால் அலற வேண்டிய அபாய மணி, சும்மா சும்மா அடிக்கிறது என்று யாரோ கம்பியைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். உள்ளே ஆட்கள் நாள் முழுக்கப் பெட்டி அடுக்குகிறார்கள். மேற்பார்வையாளரிடம் நேரில் போய்ச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லையாம். எழுதியவர் பெயர் போடவில்லை. ஆனால் மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்தான் அதை எழுதியிருக்க முடியும் என்று அக்காவுக்குப் படித்ததுமே புரிந்தது. கடைசியில், "நான்தான்னு தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பசங்க படிக்குறாங்க" என்று இருந்தது.

அக்கா எழுதினார். வகை, பணியிடப் பாதுகாப்பு. கெடுதல், மிக அதிகம். அவசரம், உடனே. அதோடு நிற்காமல், "மேற்பார்வையாளரிடம் முன்பே நேரில் சொல்லியும் நடவடிக்கை இல்லை" என்று ஒரு வரி கூட்டினார். தெரிந்தே சும்மா இருந்தார்கள் என்றால் விஷயத்துக்கு எடை கூடும் அல்லவா! எழுதி அனுப்பிவிட்டு, அப்பாடா என்று டீ குடிக்கப் போனார்.

டீக்கடையில் மேலாளர் வந்து சேர்ந்தார். அக்காவுக்கு மேலே இருப்பவர், நல்ல மனுஷி. "அக்கா, மதியக் கூட்டத்துக்கு உற்பத்திப் பிரிவுத் தலைவர் வரல. அவருக்குப் பதிலா அந்தக் கிடங்கு இருக்குற ஆலையோட மேனேஜர் வர்றாராம்."

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மணியைப் பற்றி மேற்பார்வையாளரிடம் நேரில் போய் நின்று சொன்னது யார்? ஒரே ஒரு ஆள். மேனேஜர் அந்த வரியைப் படித்துவிட்டு மேற்பார்வையாளருக்கு ஒரு போன் போட்டால் கதை முடிந்தது. "ஐயோ, நானே அவரைக் கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் நிறுத்திட்டேனே" என்று அக்கா தலையில் கை வைத்தார்.

"அந்த மேனேஜரை வெளிய உட்காரச் சொல்லிடலாமா?" என்றார் மேலாளர்.

"அவரை மட்டும் வெளிய அனுப்பினா, உங்க ஆலைதான்னு நாமே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும்மா."

"அப்போ அந்த வரியை எடுத்துடுங்க. ஆனா எடுத்தா வெயிட் குறையுமே? 'மிஷின் ரிப்பேர்'னு அடுத்த மாசத்துக்குத் தள்ளிடுவாங்க."

அதுதான் சிக்கல். ஆளை மறைத்தால் அவசரம் போகும், அவசரத்தைக் காட்டினால் ஆள் வெளியே வருவார். தள்ளிப்போட்டு வாயு கசிந்தால், உள்ளே பெட்டி அடுக்குகிறவர்கள் யார் பிள்ளைகள்? அக்காவுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. எடையை ஏன் யார் யாரிடம் சொன்னார்கள் என்பதில் தேடணும்? வாயுவில் இல்லாத எடையா?

முன்பு அனுப்பியதை மேலாளர் உடனே நீக்கினார். இன்னும் யாரும் திறக்கவில்லை, நல்லகாலம். அக்கா புதிதாக எழுதினார். "குளிர்கிடங்கில் அமோனியா கசிவு மணி வேலை செய்யவில்லை என்று தகவல். உண்மையானால், கசியும்போது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது, உயிர் போகலாம். ஆட்கள் உள்ளே போகும் ஒவ்வொரு ஷிப்டும் ஆபத்து, இன்றே பார்க்க வேண்டும்." எந்த ஆலை என்று இல்லை, யார் யாரிடம் சொன்னார் என்று இல்லை. கீழே ஒரு யோசனை: வெளியாட்களை அனுப்பி நாலு ஆலையின் மணிகளையும் ஒரே நேரத்தில் சோதிக்கலாம்.

கூட்டத்தில் அந்த மேனேஜர் காகிதத்தைப் படித்துவிட்டு, "எந்த ஆலை?" என்றார்.

"சொல்றதுக்கில்லை சார். நாலையும் பார்த்துடுவோம்" என்றார் மேலாளர்.

உயிர் போகலாம் என்று எழுதியிருக்கும்போது அடுத்த மாதம் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? அன்று சாயங்காலமே வெளியாட்கள் போனார்கள். புகார் வந்த ஆலையில் மணி செத்துக் கிடந்தது. யாருமே புகார் கொடுக்காத இன்னொரு ஆலையிலும் கம்பி கழன்றிருந்தது. இரண்டையும் சரிசெய்து, அடித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

ஆனால் மேனேஜர் லேசில் விடவில்லை. மறுநாள் அக்காவின் மேஜைக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் புது ஃபோர்மேன்தானே?"

"அதைப் பத்தி நான் பேச முடியாது சார்."

"இல்ல, ஸ்டோர்ஸ்காரனா? அவன்தான் வாயாடி."

"அதைப் பத்தி நான் பேச முடியாது சார்."

"எலக்ட்ரீஷியன்?"

 முதல் ஆளுக்கே அக்கா 'இல்லை சார்' என்று சொல்லிவிட்டிருந்தால், புகார் எழுதியவர் இப்போது மாட்டியிருப்பார். ஒரு தடவை 'இல்லை' என்றால், அடுத்த தடவை வாயை மூடுவதே 'ஆமாம்' ஆகிவிடும். முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் அக்கா அதையே சொன்னார். "அதைப் பத்தி நான் பேச முடியாது சார்."

"என்னம்மா இது, கிளிப்பிள்ளை மாதிரி! அப்போ நான் எல்லாரையும் சந்தேகப்படணுமா?"

"யாரையும் வேண்டாம் சார். மணி அடிக்குதான்னு மட்டும் பாருங்க."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு விறுவிறுவென்று போனார்.  அந்த வாரம் முழுக்க அக்காவுக்குத் தூக்கம் சரியாக இல்லை. இவ்வளவு செய்தும் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தால்? கேட்கவும் வழியில்லை. இவர் போய் விசாரித்தால் அதுவே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

பெயர் சொல்லாமல் புகார் கொடுத்தவர்கள், தங்களுக்குக் கிடைத்த எண்ணைப் போட்டு மறுபடி எழுதலாம். வார இறுதியில் அந்த எண்ணில் இருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அக்கா பயந்துகொண்டேதான் திறந்தார்.

"மணி இப்ப அடிக்குது. மேனேஜர் இன்னைக்கு எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு ஒரே மாதிரி திட்டினாரு. ரொம்ப நன்றிங்க."