கடிதம் கொடுத்த சனிக்கிழமை

ஜீடிமெட்லா மருந்து ஃபேக்டரியில் நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று என் கணவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அது ஒரு சனிக்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து, மருந்து சோதிக்கும் லேப் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கடிதத்தை எச்.ஆர். அறையில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். முப்பது நாள் நோட்டீஸ். அதன்பிறகு பேகம்பேட்டில் புது வேலை. அங்கே ஆசிட் வாசனை கிடையாது, ஷிப்ட் கிடையாது. அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கவலை, புது ஆபீசுக்குப் புடவையா சுடிதாரா என்பதுதான்.

இரண்டு வாரம் கழித்து, மாடிப்படியில் பாதி ஏறியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஞ்சியோகிராமில் இரண்டு அடைப்பு தெரிந்தது. ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். வைக்கவேண்டிய டாக்டர் வெளிநாடு போயிருந்தார். அவர் திரும்பி வரும் திங்கட்கிழமை காலை அட்மிஷன் என்று முடிவானது. அதுவரை மாத்திரை, ஓய்வு, நாக்கடியில் வைக்க இன்னொரு மாத்திரை.

ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் என் கம்பெனி கார்டைப் பார்த்துவிட்டு, "அட்மிட் ஆகிற தேதியில பாலிசி நடப்புல இருந்தா போதும் மேடம்" என்றாள். கம்பெனி பாலிசி நான் வேலையில் இருக்கும் கடைசி நாள் வரைக்கும்தான். புது இடத்தில் பெயர் சேர்க்க இரண்டு வாரமாவது ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். ராஜினாமாவைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டுப் பார்த்தேன். என் இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று என்றார்கள்.

வீட்டுக்கு வந்து காலண்டரை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேலை செய்வதில்லை, போனாலு பண்டிகைக்கும் லீவு. வேலை செய்யாத நாளை எப்படி நோட்டீஸில் சேர்க்க முடியும்? அதையெல்லாம் கழித்துவிட்டு எண்ணினால் என் கடைசி நாள் அட்மிஷனைத் தாண்டி அடுத்த வாரத்துக்குப் போனது. அப்பாடா என்று காபி போட்டுக் குடித்தேன்.

அந்த நிம்மதிக்கு ஒரு ராத்திரிதான் ஆயுள். மறுநாள் எச்.ஆர். மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷன்தான். தெலுங்கில் சொன்னார்: "காலண்டர் நாள்தான் அம்மா. ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்தி. முப்பதாவது நாள் ஞாயித்துக்கிழமை வருது. அன்னிக்கு ஆபீஸ் இல்லை. அதனால உங்க லாஸ்ட் டே சனிக்கிழமைன்னு போட்டுட்டேன்."

சனிக்கிழமை. அட்மிஷனோ திங்கட்கிழமை. நடுவில் வெறும் ஒரு ஞாயிறு. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியவில்லை. அவரே திறந்து கொடுத்தார்.

அன்று ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும்போது, பக்கத்திலிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். விரல் மடக்கி எண்ணினேன், வாரம் வாரமாக எண்ணினேன். அவர் சொன்ன முப்பதாவது நாள் எனக்கு ஒவ்வொரு தடவையும் திங்கட்கிழமைதான் வந்தது. பயத்தில் கணக்கு மறந்துவிட்டதோ என்று அதற்கும் பயந்தேன்.

வீட்டில் என் கணவர் சோபாவில் சாய்ந்தபடி, "நக்கோ பயப்படாதே" என்றார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். தமிழில் பாதி, மீதி அந்த ஊர் உருதுவான தக்கணி: வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. எனக்கு அது எப்போதுமே எரிச்சல். "ஒழுங்காத் தமிழ்ல பேசினா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?" என்று வள்ளென்று விழுந்தேன். சிரித்தார். சிரித்தவுடன் மூச்சு வாங்கியது. அதைப் பார்த்ததும் சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை.

வித்தியாசம் எங்கே என்பது அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. எச்.ஆர். மேனேஜர், நான் கடிதம் கொடுத்த சனிக்கிழமையையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். எங்கள் ஃபேக்டரியில் எல்லாமே வருகைப் பதிவுக் கணக்கு. ஆள் வந்தால் அந்த நாள் ஒன்று. அந்தச் சனிக்கிழமை நான் முழு ஷிப்ட் வேலை செய்தேன் என்பதால் அதுவே முதல் நாளாகிவிட்டது. ஆனால் பேக்கிங் பிரிவில் ஒருவரைக் கம்பெனி நோட்டீஸ் கொடுத்து அனுப்பியபோது, "இன்னிக்குக் கையில வாங்கினது கணக்கில்லை, நாளையிலிருந்துதான் ஒண்ணு" என்று இதே எச்.ஆர். அறையில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மேனேஜரிடம் அதையே சொன்னேன். "நீங்க கொடுக்கிற நோட்டீசுக்கு ஒரு கணக்கு, நான் கொடுக்கிறதுக்கு ஒரு கணக்கா சார்?" குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. கோபமில்லை அது, பயம். அவர் கம்பெனியின் சட்ட ஆலோசகருக்குப் போன் போட்டார். அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்தார். "கடிதம் கிடைச்ச நாள் கணக்குல சேராது. ஞாயித்துக்கிழமைதான் ஒண்ணு. முப்பதாவது நாள் திங்கட்கிழமை வருது. வேலை நாள், அதனால முன்னாடி நகர்த்த வேண்டாம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அதற்குள் அடுத்ததைச் சொன்னார். "ஆனா நோட்டீஸ் காலத்துல லீவு கிடையாது அம்மா. திங்கட்கிழமை நீங்க பஞ்ச் பண்ணணும். வரலைன்னா கடைசியா வந்த நாளோட கணக்கை முடிச்சிடும் சிஸ்டம். மறுபடி சனிக்கிழமைதான்."

அன்றுவரை அந்தத் திங்கட்கிழமை வேண்டும் வேண்டும் என்று கேட்டவள் நான். கிடைத்த பிறகுதான் அது என்னை எங்கே நிறுத்தப் போகிறது என்று புரிந்தது.

திங்கட்கிழமை இருட்டு விலகுமுன் கிளம்பினேன். என் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என் கொழுந்தன் வந்திருந்தார். ஆறு மணிக்குப் பஞ்ச் பண்ண விரல் வைத்தேன். இயந்திரம் முதல் தடவை ஏற்கவில்லை. வியர்வை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

லேபுக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டினேன். பதினொரு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோவார்கள் என்று தெரியும். பதினொரு மணிக்கு நான் ஒரு மாத்திரைத் தூளை நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசு மூச்சுக்காற்றுக்கே ஆடும் ரகம். எண் நிற்கவே இல்லை. என் இடத்துக்கு வந்திருந்த புதுப் பெண் மெல்ல என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். யாராவது கதவைத் திறந்தாலே எனக்குத்தான் செய்தி என்று தோன்றியது. சாமி பெயர் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மணிக்கு மறுபடி விரல் வைத்து வெளியே வந்து லாக்கரைத் திறந்தேன். கொழுந்தனிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். அந்தச் சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்தேன். திருப்பிக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. போன் தானாகவே பத்தாவது தடவை அடித்தது.

"அண்ணி, எங்க போயிட்டீங்க? ஸ்டென்ட் வெச்சாச்சு. நல்லா இருக்கார். அப்போலேர்ந்து உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார். இந்தாங்க, பேசுங்க."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மெலிந்த குரல்.

"பஞ்ச் பண்ணிட்டியா?"

வாசலில் செக்யூரிட்டி என் அடையாள அட்டைக்காகக் கையை நீட்டியபடி நின்றார்.

"ஹவ்" என்றேன்.