முகம் பார்த்தவன்

பிரெஞ்சுக்காரன் காலத்தில் வில்லியனூர் சந்தைக்கு சினிமா ஏஜென்ட் என்று ஒருவன் வந்தான். "ராஜபார்ட் மொகம்பா உனுக்கு!" என்று என்னைப் பார்த்துச் சொக்கிப்போய், போட்டோவுக்கென்று பணம் வாங்கினான். அதன்பின் ஆளையே காணோம்.

அடுத்து வந்த ஏஜென்ட் சந்தையில் நின்ற எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. "பஞ்சத்துல அடிபட்ட கூட்டம் வேணும். சவரம் பண்ணாம, அழுக்கு வேட்டியோட வாங்க. சோறும் கூலியும் உண்டு" என்றான். காசு கேட்காததால் போனோம். சினிமாவாயிற்றே என்று சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டித் தொலைத்தோம். மதராஸ் ஸ்டூடியோவில் தலையில் சாம்பலைக் கொட்டி, நாள் முழுக்க வெயிலில் நிறுத்தினார்கள். சாயங்காலம் சொன்ன கூலி கைக்கு வந்தது.

படம் கடலூர்க் கொட்டகைக்கு வந்ததும் பெண்சாதியோடு போனேன். திரையில் என் முதுகு மட்டும் தெரிந்தது.

"இன்னாய்யா," என்றாள், "அந்தப் போட்டோத் திருடன் ஒருத்தன்தான் உன் மொகத்தப் பாத்திருக்கான்."