நான் எழுதிய வாக்கியமும் மேடம் எழுதிய வாக்கியமும்

மேடம், என் புகாரைத் திருத்தியது நீங்கள்தான். சூப்பர்வைசர் எனக்கு அனுப்பியது ஒரு அசிங்கம். நீங்கள் அதைத் துடைத்துச் சுத்தமாக்கிக் கமிட்டியிடம் கொடுத்தீர்கள். இரண்டில் எது பெரிய அசிங்கம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

யாருடைய பெயரையும் எழுதக் கூடாதென்பது சட்டம். எழுதவில்லை; மற்றவர்களும் படிக்க வேண்டுமென்பதால் உங்களையும் மேடம் என்றே சொல்லிப் போகிறேன். கும்மிடிப்பூண்டியில் ரப்பர் உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனி. அதில் நான் ஆறு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தேன். வார்ப்பில் வரும் பிசிறை வெட்டி, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பொன்னேரியிலிருந்து கம்பெனி பஸ். ஷிப்டு தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நிற்போம். எச்.ஆர். மேடம் மைக்கில் பாதுகாப்பு உறுதிமொழி வாசிப்பார். நாங்கள் திருப்பிச் சொல்வோம். கணீரென்ற குரல். ஒரு சொல் விடமாட்டார்.

போன வருஷம் மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் லீவு கேட்டு சூப்பர்வைசருக்கு வாட்ஸப்பில் செய்தி போட்டேன். திரும்பி வந்தது இது:

"இன்னாடி, காய்ச்சல்னு நடிக்கிறியா? லீவு வேணும்னா மதியம் ஸ்டோர் ரூமுக்கு தனியா வா. புருஷன் செத்த பொட்டச்சி, அது இல்லாம உனக்கும் தவிப்பாத்தானே இருக்கும். வந்தா லீவு. வரலனா கேட்டுக்கு வெளிய."

கொஞ்ச நேரத்தில் அவன் அதை அழித்துவிட்டான். அதற்குள் நான் போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.

பொன்னேரியில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் போனேன். வயதானவர். செய்தியைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மனுவில் "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதினார். முப்பது வருஷமாக எல்லா மனுவிலும் அப்படித்தான் எழுதுகிறாராம். பொம்பளை பேரில் போகிற காகிதத்தில் இதை எழுதினால் நாலு பேர் படிப்பார்களே என்றார். படிக்கத்தானே சாமி குடுக்கிறேன் என்றேன். அவர் எழுதியதைக் கிழித்துவிட்டு, அவருடைய மேஜையிலேயே உட்கார்ந்து நானே எழுதினேன். செய்தியை எழுத்துக்கு எழுத்து அப்படியே. அவர் எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காசு வாங்கவில்லை.

கம்பெனியில் பெண்கள் புகாருக்கென்று ஒரு கமிட்டி உண்டு. அதன் தலைவி புனே தலைமை அலுவலகத்து அம்மா. தமிழ் தெரியாது. வெளியிலிருந்து ஒரு சென்னை வக்கீலம்மா. கேண்டீன் பக்கம் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். நாலாவது ஆள் நம் மேடம். தலைவிக்காகப் புகாரை ஆங்கிலத்தில் மாற்றும் வேலையும் மேடத்துக்குத்தான்.

என்னை அறைக்கு அழைத்தார். டீ வரவழைத்தார். தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டி, "இதான் உன் புகாரு. இங்கிலீஷ்ல இருக்கு. சரியான மொழிபெயர்ப்புன்னு கீழ கையெழுத்துப் போடு" என்றார்.

நான் எட்டாவது வரை படித்தவள். அந்தத் தாளில் எனக்குத் தெரிந்தது என் பெயரும் தேதியும்தான். "அவன் சொன்னது மொத்தமும் இதுல இருக்குதா மேடம்?" என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்கு. கொஞ்சம் டீசன்டா போட்டிருக்கேன். உன் மானத்துக்காகத்தான் செஞ்சேன்."

கையெழுத்துப் போட்டேன். மனு எழுதுகிற பெரியவரிடம் அவ்வளவு வாய் பேசியவள் இங்கே வாயை மூடிக்கொண்டு போட்டேன். மேடம் எங்களுக்காகக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டவர். அவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

விசாரணை நாளில் புனே அம்மா கம்ப்யூட்டர் திரையில் இருந்தார். வக்கீலம்மா போனில். அவருக்கும் ஆங்கிலத் தாளை மட்டும்தான் அனுப்பியிருந்தார்கள். நான் போனில் அந்த போட்டோவைத் திறந்து மேஜையில் வைத்தேன். திரையில் இருந்த அம்மா ஏதோ கேட்டார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டாராம். அந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் பதில் சொன்னார், ஒரே வரி. மொழிபெயர்ப்பில் இருப்பதேதான் என்று சொன்னதாக அந்த அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். "நீ ஏன்ணா வாயத் தொறக்கல?" என்று கேட்டேன். "பொம்பளைங்க முன்னாடி அத எப்டிமா படிக்கிறது" என்றார்.

படிக்க அவருக்குக் கூச்சம். அதை வாங்கியவள் நான்.

சூப்பர்வைசர் உள்ளே வந்து, கோபத்தில் ரெண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டதாகச் சொன்னான். மேடம் எழுதிய ஆங்கிலத் தாளுக்கு அது சரியாகப் பொருந்தியது.

அறிக்கை வந்தது. என் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். வேப்பம்பட்டில் என் தங்கை வீட்டில் இருந்து காலேஜ் போகிறவள், அன்று வந்திருந்தாள். அவளிடம் அதுவரை லீவு தகராறு என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவள் படித்துத் தமிழில் சொன்னாள்: உடல்நலக்குறைவு உண்மைதானா என்று மேற்பார்வையாளர் சற்றுக் கடுமையான சொற்களில் சந்தேகம் தெரிவித்தார், விடுப்புப் பற்றிப் பேச நேரில் வரச் சொன்னார், புகார்தாரரின் குடும்பச் சூழலையும் குறிப்பிட்டார். ஆகவே இது பாலியல் தொந்தரவு ஆகாது. மரியாதைக் குறைவு. அவருக்கு எச்சரிக்கை போதும்.

குடும்பச் சூழல்.

"இன்னாதான் அனுப்பிச்சான்? காட்டு" என்றாள். நான் மாட்டேன் என்றேன். போனைப் பிடுங்கிப் படித்தாள். பிறகு, "இது நைனாவப் பத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே அவள் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து மொழிபெயர்த்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அதே நாற்றமுள்ள ஆங்கிலச் சொல்லைத் தேடினாள். "பொட்டச்சி" என்பதற்குக் கிடைத்த முதல் சொல் மரியாதையாக இருக்கிறதென்று அடித்தாள். "அது" என்றால் எது என்று ஆங்கிலத்தில் படிக்கிறவளுக்கும் உறைக்க வேண்டும், ஆனால் அவன் எழுதாத எதையும் நாம் சேர்க்கக் கூடாது என்றாள். ஸ்டோர் ரூம் ஸ்டோர் ரூமாகவே இருந்தது. தனியாக என்பது தனியாகவே இருந்தது. செத்த அப்பனைப் பற்றிய வரியை என் மகள் இரண்டு பாஷையிலும் எழுத வேண்டியிருந்தது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது?

பொன்னேரி கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்குப் போனோம். தொண்ணூறு நாளுக்குள் அப்பீல் போடலாம் என்றார்கள். போட்டோம். மகள் எழுதியதைப் பார்த்த சட்ட உதவி வக்கீல் தம்பி, இதுதான் சரியான மொழிபெயர்ப்பு, முதலிலேயே இது போயிருந்தால் கதையே வேறு என்றான். பிறகு அந்தப் பழைய தாளைத் திருப்பிக் காட்டினான். சரியான மொழிபெயர்ப்பு என்பதற்குக் கீழே என் கையெழுத்து. "எதிர்ப் பக்கம் இதத்தான் முதல்ல எடுத்து வைப்பாங்க அக்கா" என்றான்.

நம்பிக்கை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் காண்ட்ராக்டர் என் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. வரலனா கேட்டுக்கு வெளியே என்று அவன் எழுதியிருந்தானே, அது அப்படியே நடந்தது. அந்த ஒரு வரியை மட்டும் யாரும் டீசன்டாக மாற்றவில்லை. அவன் இன்னும் அதே லைனில் சூப்பர்வைசராக நிற்கிறான். என் இடத்தில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாளாம், அவளுக்கும் புருஷன் இல்லையாம். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

மேடம், என் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி நான் உங்களிடம் கேட்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். தினமும் காலையில் ஒரு சொல் விடாமல் உறுதிமொழி வாசிக்கிறீர்களே, அதே மைக்கில், அதே வரிசையின் முன்னால் அந்தச் செய்தியையும் படியுங்கள். என் பெயர் வேண்டாம், அவன் பெயரும் வேண்டாம். முதலில் அவன் எழுதிய தமிழ், பிறகு நீங்கள் எழுதிய ஆங்கிலம். இரண்டும் ஒன்றா என்று அங்கே நிற்கும் பெண்களைப் பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் யாருக்காக மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். தனியறையில் டீ கொடுத்து என்னிடம் சொல்ல வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள்.