பின்விளக்கில் இருந்த பல்பு

வேந்தனை வெட்டியது ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆண்டர்சன்பேட்டைச் சந்தை கலைவதற்கு முன்னால். வெள்ளைக் காரிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். வாயில் துணி கட்டியிருந்தார்கள். முதல் வெட்டை வேந்தன் கையால் தடுத்தான், விரல்கள் போயின. அடுத்த வெட்டு கழுத்தில் விழுந்தது. கறிக்கடைக்காரர் தராசுக் கல்லை எடுத்து எறிந்ததில் ஒருத்தன் மண்டை உடைந்தது, ஆனாலும் ஏறிப் போய்விட்டார்கள். வேந்தன் தன் பைக்கைப் பிடித்துக்கொண்டே சரிந்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் உயிர் அடங்கிவிட்டது.

அவனுடைய அக்கா மாயா. மாரிகுப்பத்தில் ரயில் ஏறி தினமும் பெங்களூருக்குப் போய் வருகிறவள். பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் வண்டியைப் பார்த்து மதிப்புப் போடும் வேலை. கார் எந்த மாடல், அதில் எந்த வகை, எந்த பாகம் மாற்றியது, எது ஒரிஜினல் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். சாலையில் போகிற வண்டியின் பின்பக்கத்தை வைத்தே பெயர் சொல்லி வேந்தனிடம் பந்தயம் கட்டி ஜெயிப்பாள். அப்பா தர்மராஜ் தங்கச் சுரங்கத்தில் பாறை உடைத்து ரிட்டையர் ஆனவர். அம்மா இல்லை. அந்த வீட்டில் மாயாதான் சம்பாதிக்கிறவள், திட்டுகிறவள், முடிவெடுக்கிறவள். மூடிக் கிடக்கும் சுரங்க வளாகத்துக்கு வேந்தன் காவலாளி. அங்கே இரும்பை அறுத்துத் திருடுகிறவர்களைப் பற்றி போன மாதம் அவன் போலீசில் சொல்லியிருந்தான். அதனால்தான் வெட்டினார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை காலை, பிணம் இன்னும் சவக்கிடங்கில் இருக்கும்போதே, ஒரு போட்டோ எல்லார் போனிலும் வந்துவிட்டது. சந்தைக்குப் பக்கத்துக் கோயிலில் புது பைக்குக்குப் பூஜை போட்ட ஒருவர், வண்டியோடு நின்று எடுத்துக்கொண்ட படம். அவர் தோளுக்குப் பின்னால், வேகத்தடையில் பிரேக் அடித்து நிற்கிற வெள்ளைக் கார். ஹோண்டா சிட்டி. இடதுபக்கமும் பின்பக்கமும் தெரிகிறது. நம்பர் பிளேட்டை பைக்கின் மாலை மறைத்துவிட்டது. டிக்கியின் வலது ஓரத்தில் வகையைச் சொல்லும் இரண்டு எழுத்து; முதல் எழுத்தில் வெயில் பட்டு வெளுத்துப் போயிருந்தது, எக்ஸ் மட்டும் தெரிந்தது.

"வி.எக்ஸ்.தான்க்கா. நம்ம ஏரியால வெள்ள சிட்டி வி.எக்ஸ். யார்கிட்ட கீது? விநாயக்கிட்டதான் கீது," என்றான் திலீப்.

திலீப் வேந்தனோடு ஒன்றாய்ப் படித்தவன். பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறான். இந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். விநாயக்கும் தெரிந்த பையன்தான். மைசூர் மைன்ஸ் பகுதியில் இருக்கும் முனிரத்தினத்தின் மகன். இரண்டு மாதம் முன்பு கால்பந்து மேட்ச்சில் வேந்தனும் அவனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். "உன்ன வெச்சிக்கிறேன்டா" என்று விநாயக் சொன்னதை மைதானமே கேட்டது.

மாயா போட்டோவைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர கண்ணில் ஏறவில்லை. தம்பியின் அறுந்த விரல்களை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கையில் கொடுத்திருந்தார்கள். அதை விட்டு அவள் மனசு நகரவில்லை. வெள்ளை சிட்டி. எக்ஸ். அது போதுமாயிருந்தது.

"வாங்க," என்றாள்.

முப்பது நாற்பது பேர் போனார்கள். விநாயக் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் வாயில் நுரையோடு, "இன்னா, இன்னா ஆச்சு?" என்றான். அவனுக்குப் பதில் கிடைத்தது திலீப்பின் கையிலிருந்து. மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. கீழே விழுந்தவனைச் சுற்றி நின்று மிதித்தார்கள். முனிரத்தினம் ஓடிவந்து மகன் மேல் விழுந்தார். அவரை முடியைப் பிடித்து இழுத்துச் சாக்கடையில் தள்ளினார்கள். யாரோ விநாயக்கின் வலது கையை வாசற்படியில் வைத்து அமுக்க, யாரோ அதன் மேல் குழவிக் கல்லைப் போட்டார்கள். காய்ந்த விறகு முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. அவன் கத்திய கத்தல் தெருக்கோடி வரைக்கும் போனது.

மாயாவின் கையில் ஒரு இரும்புக் கம்பி இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கார் பக்கத்தில் நின்றிருந்தது. முதலில் பின் கண்ணாடியை அடித்தாள். அப்புறம் இடது பின்விளக்கை. சிவப்பு பிளாஸ்டிக் சிதறி உள்ளே வெள்ளைக் கிண்ணம் தெரிந்தது. அதில் சாதாரண பல்பு ஒன்று உடையாமல் உட்கார்ந்திருந்தது.

ஓங்கிய கம்பி அப்படியே நின்றது.

காலையில் கண்ணில் ஏறாத போட்டோ இப்போது ஏறியது. அதில் பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பல்பு எரிந்தால் மங்கலாகப் பரவிய ஒரு சிவப்பு வட்டம் விழும். போட்டோவில் இருந்தது வட்டமில்லை. கூர்மையாக வளைந்த கோடுகள். எல்.இ.டி. அதோடு டிக்கி மூடியின் விளிம்பில் ஒரு ஸ்பாய்லர், அதற்குள்ளும் மெல்லிய சிவப்புக் கோடு. அந்த மாடல் சிட்டியில் அந்த விளக்கும் அந்த ஸ்பாய்லரும் கம்பெனியிலிருந்தே வருவது ஒரே வகையில்தான். இசட்.எக்ஸ். வெளுத்துப் போன எழுத்து வி இல்லை, இசட்.

விநாயக்கின் டிக்கி மொட்டையாக இருந்தது. வி.எக்ஸ். என்ற எழுத்து வெயிலில் மினுமினுத்தது.

"நிறுத்துங்க! இந்த வண்டி இல்ல! நிறுத்துங்கடா!"

யாரும் நிறுத்தவில்லை. கம்பியை எறிந்துவிட்டு கூட்டத்துக்குள் பாய்ந்தாள். விநாயக்கின் தலைமேல் கவிழ்ந்து படுத்தாள். முதுகில் இரண்டு உதை விழுந்தது. அவள் யாரென்று தெரிந்த பிறகும் ஒன்று விழுந்தது.

"மாயாக்கா, எழுந்திரு," என்றான் திலீப். "எம்ப்ளம்னா ஐம்பது ரூபாய்க்கு வாங்கி ஒட்டிக்கலாம். இவன் மாத்தியிருப்பான்."

"எழுத்த மாத்தலாம்டா. ராவோட ராவா ரெண்டு லைட்டு, ஸ்பாய்லர், வயரிங் எல்லாத்தையும் எவன்டா மாத்துவான்? ஸ்பாய்லர் கழட்டின தழும்பு கூட இல்ல, போய்ப் பாரு. தூசி கூட கலையல!"

திலீப் போய்ப் பார்க்கவில்லை. அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் மமதா வந்து லத்தியால் கூட்டத்தைப் பிளந்தபோது விநாயக்குக்கு நினைவில்லை. அவனைக் கோலாருக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு மமதா, கார் விஷயத்தில் மாயா சொன்னதைக் கேட்டு அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். பைக் பூஜை போட்டவரிடம் வாங்கிய ஒரிஜினல் போட்டோ அங்கே கம்ப்யூட்டரில் இருந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றியதைவிட மிகத் தெளிவு.

"எங்க எஸ்.பி. ஆபீஸ்லயும் இசட்.எக்ஸ்.னுதான் சொன்னாங்க," என்றார் மமதா கன்னடம் கலந்த தமிழில். "ஆனா மாவட்டத்துல இசட்.எக்ஸ். வெள்ளை நிறைய இருக்கு. வேற ஏதாவது தெரியுதா நோடி, பாருங்க."

மாயா சக்கரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முன் சக்கரத்தில் பளபளவென்று கடைந்த முகமும் கறுப்பு இடுக்குகளும் கொண்ட அலாய் வீல். பின் சக்கரத்தில் அது இல்லை. கறுப்பு இரும்பு வீல், அதுவும் ஒரு சுற்று சின்னது.

"இது ஸ்டெப்னி மேடம். இந்த வண்டிக்கு நாலு அலாயும் பதினாறு இஞ்ச். ஸ்டெப்னி மட்டும் பதினஞ்சு, வெறும் இரும்பு. ஸ்டெப்னியப் போட்டுட்டு யாரும் ரொம்ப நாள் ஓட்ட மாட்டாங்க. அலாய் அடிபட்டு வளைஞ்சிருக்கு. எங்கியோ நிமித்தக் கொடுத்திருக்காங்க."

அலாய் வீலை நிமிர்த்துகிற கடை சுற்றுவட்டாரத்தில் இரண்டோ மூன்றோதான். மமதா போனை எடுத்தார்.

மறுநாள் வேந்தனை எடுத்தார்கள். பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி முடித்து, பாடையைத் தூக்கினார்கள். முன்பக்க இடது தோள் திலீப்புடையது. "நான்தான் தூக்குவேன்" என்று அழுதபடி அடித்துப் பிடித்து வந்திருந்தான். தெருமுனை திரும்பியதும் குறுக்கே ஜீப் நின்றது. மமதா இறங்கினார்.

"திலீப், பங்காரப்பேட்டைக் கடைல சிட்டி அலாய் கொடுத்தியே, வாங்கலையா?"

அவன் முகத்தைப் பார்த்த எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. வீல் அவனுடைய மச்சான் காருடையது. கார் பூதிகோட்டையில் ஒரு கோழிப் பண்ணைக் கொட்டகைக்குள் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. பின் சீட்டில் ரத்தம். அறுத்த இரும்பெல்லாம் திலீப்பின் கடைக்குத்தான் வந்தது. வேந்தன் சந்தையில் எந்த இடத்தில் நிற்கிறான் என்று போனில் சொன்னவனும் அவன்தான்.

திலீப் பாடையை உதறிவிட்டு ஓடினான். பாடை சாய்ந்தது. வேந்தன் தரையில் விழுந்தான், கழுத்துக் கட்டு அவிழ்ந்தது. விநாயக்கை அடித்த அதே கூட்டம் திலீப்பைத் துரத்திப் பிடித்தது. சைக்கிள் செயினால் முகத்தில் விளாசினார்கள். வாயிலிருந்து பல் தெறித்தது. ஒருவன் கண்ணில் கட்டை விரலை வைத்து அழுத்தினான். போலீஸ்காரர்கள் உள்ளே நுழைய முடியவில்லை.

மாயா நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் சிலராவது கேட்டிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. நேற்று இன்னொருத்தனுக்காகக் கத்திய வாய் இன்று திறக்கவில்லை. அவன் கத்துவது அவளுக்கு இனித்தது. தாகத்தில் தண்ணீர் இறங்குகிற மாதிரி இனித்தது.

கத்தியது தர்மராஜ்தான். தெருவில் உட்கார்ந்து மகனின் தலையை மடியில் எடுத்துவைத்திருந்தார்.

"டேய்! எம்புள்ள மண்ணுல கெடக்குறான்டா! மொதல்ல அவனத் தூக்குங்கடா! அப்பறம் போய் அடிச்சிக்கினு சாவுங்க!"

அந்தக் குரலில் சிலர் திரும்பினார்கள். அந்த இடைவெளியில் மமதா திலீப்பை ஜீப்புக்குள் இழுத்துப் போட்டார். இடது கண் போய்விட்டது. மச்சானும் மற்ற இருவரும் அந்த வாரமே பிடிபட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகு மாயா கோலார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். விநாயக்கின் வலது கையில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டில் பக்கத்தில் முனிரத்தினம் தலையில் தையலோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாத்துக்கு வந்தே?" என்றார்.

"கூட்டத்தக் கூட்டினு வந்தது நான்தான்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டேன் மாமா. யார் யார் வந்தாங்கன்னும் சொல்லிட்டேன். கேஸ்ல எம்பேரு மொதல்ல கீது. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

முனிரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விநாயக்தான் பேசினான். மூக்கில் பஞ்சு வைத்திருந்ததால் குரல் அடைத்து வந்தது.

"நீ மேல வந்து படுத்தது எனக்குத் தெரியும்க்கா. அதுக்கு முன்னாடி கம்பியோட நின்னதும் தெரியும். கோர்ட்டுல ரெண்டையும் சொல்லுவேன்."

"சொல்லு."

"வேந்தன நான் ஒண்ணும் பண்ணல."

"தெரியும்டா," என்றாள். முனிரத்தினம் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மாயா வெளியே வந்தாள்.

வேலை போகவில்லை. கேஸ் நடக்கிறது. வாய்தா இல்லாத நாட்களில் மாரிகுப்பம் ரயிலில் போய் வருகிறாள். அக்கம்பக்கத்தில் அவள் போலீசில் பெயர் கொடுத்தவர்களின் வீடுகளில் யாரும் அவளோடு பேசுவதில்லை. விநாயக்கின் கையில் கல்லைப் போட்டவனின் பெண்டாட்டி குழாயடியில் அவள் குடத்தை உதைத்துத் தள்ளினாள். மாயா குடத்தை நிமிர்த்தி, திரும்பவும் வரிசையில் போய் நின்றாள்.